கோள்கள் தீர்ந்த பிறகு சர்வர்களுக்கு என்ன பெயர் வைப்பது

கேள்வி: எங்கள் சர்வர்களுக்குக் கோள்களின் பெயர் வைத்தோம். அவற்றில் ஓடும் விஎம்களுக்கு அந்தந்தக் கோளின் நிலாக்கள். எட்டும் தீர்ந்துவிட்டன, ஒன்பதாவது சர்வர் வரப்போகிறது. பறவைப் பெயர்களுக்கு மாறலாமா, இல்லை srv01, srv02 என்று எண் போட்டுவிடலாமா? பழைய பெயர்களையும் மாற்ற வேண்டுமா?

ஒன்பதாவதற்குப் பறவைப் பெயர் வையுங்கள். பழைய எட்டையும் தொட வேண்டாம். நிலாக்கள் திட்டத்தை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள், ஏனென்றால் உங்கள் அமைப்பில் உண்மையான கோளாறு அங்கேதான் இருக்கிறது. கோள்கள் தீர்ந்துபோனது சிறிய பிரச்சினை.

கோள்களின் எண்ணிக்கை குறைவு என்பது முதலிலேயே தெரிந்ததுதான். 2006 ஆகஸ்டில் புளூட்டோவைக் கோள்களின் பட்டியலிலிருந்து எடுத்த பிறகு எட்டுதான் மிச்சம். கணினிக்குப் பெயர் வைப்பது பற்றி 1990-இல் வந்த ஆர்.எஃப்.சி. 1178 என்ற ஆவணம் இன்றைக்கும் படிக்கத் தகுந்தது. ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு அதிலிருந்து பெயர்களை வைப்பது நல்ல வழக்கம் என்று அது சொல்கிறது, ஆனால் ஏழு குள்ளர்கள் போல முடிந்துபோகும் தொகுப்பு வேண்டாம் என்றும் எச்சரிக்கிறது. தனிமங்கள் என்றால் 118 இருக்கின்றன. பறவைகள் என்றால் உலகில் ஏறக்குறைய 11,000 இனங்கள். அவற்றில் சுருக்கமாகத் தட்டச்சு செய்யக்கூடிய பெயர்கள் மட்டுமே சில நூறு தேறும். ஒரு சின்ன குழுவுக்கு அது தீரவே தீராது.

கோள்களுக்கு நடுவில் ஒரு பறவை வந்து உட்கார்வது பார்க்க அழகாக இருக்காதுதான். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் பெயரை மாற்றுவது அதைவிடப் பல மடங்கு வேலை, அதனால் கிடைக்கும் பலனும் ஒன்றுமில்லை. பெயர் எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்: பேக்கப் ஸ்கிரிப்ட், கிரான் வேலைகள், ஃபயர்வால் விதிகள், சான்றிதழ்கள், கண்காணிப்பு வரைபடங்கள், யாரோ ஒருவருடைய மடிக்கணினியில் இருக்கும் `/etc/hosts`. கடைசியில் சொன்னதை எந்தத் தேடலாலும் கண்டுபிடிக்க முடியாது.

இப்போது நிலாக்களுக்கு வருகிறேன். `jupiter` என்ற இயந்திரத்தில் `io`, `europa`, `ganymede`, `callisto` ஓடுகின்றன என்றால், பெயரைக் கேட்ட உடனே எது எதற்குள் இருக்கிறது என்று தெரிந்துவிடும். வைத்த அன்றைக்கு இது மிக அழகான ஏற்பாடு. ஆனால் புதனுக்கும் வெள்ளிக்கும் நிலாவே கிடையாது, செவ்வாய்க்கு இரண்டே இரண்டுதான். `mercury`-இல் ஒரு விஎம் தேவைப்பட்ட அன்றைக்கே உங்கள் குழுவில் விவாதம் நடந்திருக்கும். அதுகூடப் பெரிதல்ல. `jupiter`-இன் நினைவகம் நிரம்பி, `europa`-வை `saturn`-க்கு மாற்றுகிறீர்கள் என்று வையுங்கள். விஎம் என்பதே இப்படி இடம் மாறுவதற்காகத்தான் இருக்கிறது. மாற்றிய நொடியிலிருந்து அந்தப் பெயர் தவறான தகவலைச் சொல்ல ஆரம்பிக்கிறது. ஆறு மாதம் கழித்து `saturn`-ஐப் பராமரிப்புக்காக அணைக்க வேண்டி வரும். பட்டியலைப் பார்க்கும் ஒருவர் `titan` மட்டும்தான் அதில் இருக்கிறது என்று நம்பி அணைப்பார். டேட்டாபேஸ் `europa`-வில் இருந்திருந்தால் அதுவும் சேர்ந்து விழும்.

பறவையோ கோளோ எதுவானாலும், கருப்பொருள் பெயர் நல்லதாக இருப்பதற்குக் காரணம் அது எதையும் சொல்லாமல் இருப்பதுதான். `europa` என்பது வெறும் பெயராக இருந்தவரை அது பொய்யாக முடியாது. இடத்தையோ, வேலையையோ, உரிமையாளரையோ பெயருக்குள் நுழைத்தவுடன் அதற்குக் காலாவதி தேதி வந்துவிடுகிறது. தனிமங்களை வைத்து, அணு எண்ணையே ஐபி முகவரியின் கடைசிப் பகுதியாக வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். `neon` என்றால் .10, `iron` என்றால் .26. நினைவில் வைக்க வசதியானதுதான், ஆனால் ஓர் இயந்திரம் வேறு சப்நெட்டுக்குப் போகும்போது அங்கே .26 ஏற்கெனவே யாரிடமோ இருக்கும்.

ஆர்.எஃப்.சி. 1178-இல் இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. ஒரு தொழிற்கூடத் திட்டத்துக்காக வாங்கிய இயந்திரத்துக்கு `shop` என்று பெயர் வைத்தார்கள். பிறகு துணைக்கு இன்னோர் இயந்திரம் வந்தது. அதையும் `shop` என்று அழைக்க முடியாது. ஓராண்டில் மேலும் ஐந்து வந்தன, முதல் இயந்திரமோ சம்பந்தமே இல்லாத வேறொரு திட்டத்துக்குப் போய்விட்டது. இன்னொரு கதையில், தரவைப் புதுப்பிக்கும் வேலையைச் செய்த ஒரே இயந்திரத்துக்கு `up` என்று பெயர். அது ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று கேட்பதற்கே ஆட்கள் திணறினார்கள். வேலையைப் பெயராக வைத்ததால் வந்த வினை இரண்டும்.

அப்படியென்றால் எந்த சர்வர் என்ன வேலை செய்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்பீர்கள். அதற்கு இரண்டாவது பெயர் ஒன்று தேவை. இயந்திரத்துக்கு ஒரு பெயர், அது செய்யும் வேலைக்கு வேறொரு பெயர். முதலாவது இயந்திரம் குப்பைக்குப் போகும்வரை மாறாது. இரண்டாவது ஒரு சுட்டி. இன்று ஓர் இயந்திரத்தைக் காட்டும், நாளை வேறொன்றைக் காட்டும். டிஎன்எஸ்ஸில் இதைச் செய்ய `CNAME` பதிவு இருக்கிறது:

```
europa  86400  IN  A      192.168.10.24
db      86400  IN  CNAME  europa
```

இதை உங்கள் `europa`-வை வைத்தே முழுதாகச் செய்து பார்க்கலாம். அதில் ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடுகிறது, எல்லா அப்ளிகேஷன்களும் தங்கள் கான்ஃபிக் கோப்பில் `europa` என்றே எழுதி வைத்திருக்கின்றன, அதை இப்போது `kuyil` என்ற புதிய விஎம்முக்கு மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் `db` என்ற பெயரை மேலே காட்டியபடி சேர்த்துவிடுங்கள். இதனால் எதுவும் உடையாது. பழைய பெயரும் வேலை செய்யும், புதியதும் வேலை செய்யும். பிறகு ஒவ்வோர் அப்ளிகேஷனாக `europa`-வை `db`-ஆக மாற்றுங்கள். அவசரமில்லை, சில வாரங்கள் ஆனாலும் பரவாயில்லை. அதற்கு முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: டேட்டாபேஸ் சான்றிதழில் `europa` மட்டும் இருந்தால், `sslmode=verify-full` வைத்திருக்கும் அப்ளிகேஷன் `db` என்று அழைத்ததும் இணைய மறுத்துவிடும். எனவே `db` என்ற பெயரையும் சேர்த்துச் சான்றிதழைப் புதிதாக எடுங்கள்.

யார் இன்னும் பழைய பெயரில் அழைக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் இதில் கடினமான பகுதி. உங்கள் டிஎன்எஸ் சர்வர் பைண்ட் என்றால் `rndc querylog on` கொடுத்து, வரும் கேள்விகளைச் சில நாட்கள் பதிவு செய்யுங்கள். `db`-யைக் கேட்பவருக்கு `europa`-வின் முகவரியும் அதே பதிலில் போய்விடும், அவர் தனியாக `europa`-வைக் கேட்க வேண்டியதில்லை. ஆகவே பதிவில் `europa` என்று வரும் ஒவ்வொரு வரியும் பழைய பெயரை நேரடியாக எழுதி வைத்திருக்கும் யாரோ ஒருவர். அந்த வரியில் அவருடைய ஐபி முகவரியும் இருக்கும். நேராகப் போய் விசாரிக்கலாம். மாதத்துக்கு ஒருமுறை ஓடும் கணக்கு வேலைகள் இருந்தால் ஒரு முழு மாதம் காத்திருப்பது நல்லது.

ஐபி முகவரியையே நேரடியாக எழுதி வைத்தவர்களும், `/etc/hosts`-இல் போட்டு வைத்தவர்களும் இந்தப் பதிவில் சிக்க மாட்டார்கள். அவர்களைப் பிடிக்க `europa`-வுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்:

```
ss -tn state established '( sport = :5432 )'
```

எந்தெந்த முகவரிகளிலிருந்து டேட்டாபேஸுக்கு இணைப்பு வந்திருக்கிறது என்று இது காட்டும். டிஎன்எஸ் பதிவையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், பெயரைக் கேட்காமலே வந்து நிற்பவர்கள் தெரிந்துவிடுவார்கள்.

மாற்றும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு `db` பதிவின் ஆயுளை 86400 விநாடியிலிருந்து 300-ஆகக் குறையுங்கள். 86400 விநாடி என்பது ஒரு முழு நாள்; பழைய பதிலை நினைவில் வைத்திருக்கும் இயந்திரங்கள் அதை மறக்க அவ்வளவு நேரம் எடுக்கும் என்பதால்தான் முன்கூட்டியே செய்ய வேண்டியிருக்கிறது. அன்றைக்கு வரிசை முக்கியம்: முதலில் `europa`-வில் எழுதுவதை நிறுத்துங்கள், கடைசித் தரவு `kuyil`-க்கு வந்துவிட்டதா என்று உறுதி செய்யுங்கள், அதன் பிறகே சுட்டியைத் திருப்புங்கள். சுட்டியை முதலில் திருப்பினால் சில அப்ளிகேஷன்கள் புதியதில் எழுதும், சில பழையதில் எழுதும். இரண்டாகப் பிரிந்த தரவை ஒன்றுசேர்ப்பது பெயர் மாற்றுவதைப் போல எளிதல்ல.

திருப்பிய பிறகு சோதித்துப் பாருங்கள்:

```
$ dig +short db.office.internal
kuyil.office.internal.
192.168.10.41
```

டிஎன்எஸ் சரியாக இருந்தாலும், ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகள் பழைய இயந்திரத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். பெயர் என்பது இணைப்பைத் தொடங்கும்போது மட்டும்தான் பார்க்கப்படுகிறது. அதனால் `europa`-வில் போஸ்ட்கிரெஸை நிறுத்திவிடுங்கள். அப்ளிகேஷன்கள் மறுபடி இணையும்போது புதிய இடத்துக்குப் போகும். சரியாக மறுபடி இணையத் தெரியாத அப்ளிகேஷன் ஏதாவது இருந்தால் அதுவும் அப்போதுதான் தெரியவரும், அதை மறுதொடக்கம் செய்ய வேண்டியிருக்கும்.

எந்த இடத்தில் எந்தப் பெயரைப் பயன்படுத்துவது என்பதற்கு நான் ஒரே ஒரு விதியைக் கடைப்பிடிக்கிறேன். நிரல்கள் வேலையின் பெயரைச் சொல்லட்டும். மனிதர்கள் உள்ளே நுழையும்போது இயந்திரத்தின் பெயரைச் சொல்லட்டும். `ssh db` என்று பழகினால், சுட்டி திரும்பிய மறுநாள் எல்லோருடைய திரையிலும் `REMOTE HOST IDENTIFICATION HAS CHANGED!` என்று எச்சரிக்கை வரும். புதிய இயந்திரத்தின் சாவி வேறு என்பதால் அது நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டால் ஆட்கள் அதைப் படிக்காமலே பழைய சாவியை அழித்துவிட்டு உள்ளே போகக் கற்றுக்கொள்வார்கள். உண்மையிலேயே யாராவது நடுவில் புகுந்திருக்கும் நாளிலும் அதையே செய்வார்கள். `ssh kuyil` என்றால் இந்தப் பிரச்சினை எழுவதே இல்லை. தவிர, எந்த இயந்திரத்தின் முன்னால் நிற்கிறோம் என்பதும் தெளிவாகத் தெரியும்.

`CNAME` எல்லா இடத்திலும் செல்லாது. மின்னஞ்சலுக்கான `MX` பதிவு சுட்டிப் பெயரைக் காட்டக் கூடாது, டொமைனின் உச்சிப் பெயரிலும் `CNAME` வைக்க முடியாது. அங்கெல்லாம் நேரடியாக `A` பதிவே போடுங்கள்.

இனி எண்களைப் பற்றி. srv01 வகையறாவை நான் வெறுக்கவில்லை, ஆனால் அது எப்போது பொருந்தும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முன்பு வேலை செய்த ஓரிடத்தில் வலை சர்வர்கள் `web01` முதல் `web24` வரை இருந்தன. பழுதான `web21`-ஐ அழித்துவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டும். தொலைபேசியில் சொன்னவர் சரியாகத்தான் சொன்னார். நான் `web12`-ஐத் திறந்து, டிஸ்கை அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டேன். கண்காணிப்புத் திரையில் ஆரோக்கியமாக இருந்த ஒன்று சிவப்பாக மாறியபோதுதான் எனக்கு உறைத்தது. `mayil` என்று எழுத வேண்டிய இடத்தில் `kokku` என்று யாரும் எழுதிவிட மாட்டார்கள். பெயர்கள் உருவத்திலும் ஒலியிலும் ஒன்றுக்கொன்று விலகி இருப்பது கருப்பொருள் பெயர்களின் பெரிய பலம். பலர் அதை வெறும் விளையாட்டு என்று நினைக்கிறார்கள்.

ஆனால் அந்த 24 சர்வர்களுக்கும் பறவைப் பெயர் வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. எது எது என்று பிரித்து அறிய மனிதருக்குக் காரணம் எதுவும் இல்லாதபோது எண் போதும் என்று அந்த 1990 ஆவணமே சொல்கிறது. ஒன்று பழுதானால் அதைச் சரிசெய்ய உட்காருவீர்களா, அல்லது தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்றை எழுப்புவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். சரிசெய்ய உட்காருவீர்கள் என்றால் அதற்குப் பெயர் வேண்டும். தூக்கிப் போடுவீர்கள் என்றால் எண் போதும். கிளவுடில் தானாக முளைத்துத் தானாக மறையும் இயந்திரங்களுக்கு எண்ணைக்கூட நீங்கள் வைக்கத் தேவையில்லை, அமைப்பே வைத்துவிடும். எண் வைத்தால் முதலிலிருந்தே `web01` என்று பூஜ்யத்தோடு வையுங்கள், இல்லையென்றால் பட்டியலில் `web10` என்பது `web2`-க்கு முன்னால் வந்து நிற்கும்.

என் அனுபவத்தில் ஒரு குழு முப்பது பெயர்கள் வரை மனதில் வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் `wren` என்ன செய்கிறது என்று எல்லோரும் பட்டியலைத் திறந்து பார்க்கத் தொடங்குவார்கள். புதிதாகச் சேர்பவருக்கு முதல் நாளிலிருந்தே அந்த நிலைமைதான். உங்களிடம் ஒன்பது சர்வர்கள், சில டஜன் விஎம்கள். என் கணக்கில் இனி வரும் சர்வர்களுக்குப் பறவைகள், சரிசெய்து காப்பாற்ற வேண்டிய விஎம்களுக்கும் பறவைகள், ஒரே மாதிரி இருக்கும் மற்ற விஎம்களுக்கு எண்கள். எந்த விஎம் எந்த சர்வரில் ஓடுகிறது என்பதைப் பெயரிடம் கேட்காதீர்கள். விஎம்களை நிர்வகிக்கும் மென்பொருளிடம் கேளுங்கள், அதற்கு மட்டும்தான் இந்த நொடியின் நிலைமை தெரியும்.

பறவைப் பெயர்களைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு கண்ணி உண்டு. தமிழ்ப் பெயர்களை வைக்க எனக்கும் ஆசைதான், பல ஆண்டுகளாக வைத்தும் வருகிறேன். ஆனால் ஹோஸ்ட்நேமில் ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், இடைக்கோடு ஆகியவை மட்டுமே செல்லும், அடிக்கோடுகூடக் கூடாது. தமிழ் எழுத்தில் டொமைன் பெயர் வைக்க முடிகிறதே என்றால், உள்ளே அது வேறு வடிவத்தில்தான் போகிறது: `.இந்தியா` என்பது `xn--xkc2dl3a5ee0h` ஆகிவிடும். லாக் கோப்பில் அதைப் பார்த்து யாராலும் எதையும் அடையாளம் காண முடியாது. ஆங்கில எழுத்தில் எழுதினாலோ ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். பருந்து என்பது `parundhu`, `parunthu`, `parundu` என மூன்று விதமாக வரும். கழுகில் ழகரம் இருக்கிறது, அதை ஒருவர் `zh` என்பார், ஒருவர் `l` என்பார். ஆந்தைக்கு முதல் எழுத்திலேயே சண்டை. நடுராத்திரியில் தொலைபேசியில் சொல்லும்போது இது உயிரை எடுக்கும். `mayil`, `kuyil`, `kili`, `kokku` போல எழுத்துக்கூட்டலில் குழப்பம் குறைந்தவற்றை மட்டும் எடுங்கள். அப்போதும் `mayil`-உம் `kuyil`-உம் ஒலியில் நெருக்கம் என்பதால், ஒன்றை ஒன்று நம்பியிருக்கும் இரண்டு சர்வர்களுக்கு அந்த இரண்டையும் வைக்க மாட்டேன்.

ஆங்கிலப் பெயர்கள் என்றால் `swift`, `crane`, `kite` போன்றவற்றைத் தவிர்ப்பேன். அவற்றுக்கு வேறு பொருளும் உண்டு. லாக்கில் தேடினால் சம்பந்தமில்லாத வரிகள் வந்து குவியும். விண்டோஸ் இயந்திரங்கள் இருந்தால் பெயர் 15 எழுத்துக்குள் இருக்கட்டும். பழைய நெட்பயாஸ் வரம்பு இன்னும் போகவில்லை, நீளமான இரண்டு பெயர்களின் முதல் 15 எழுத்துகள் ஒன்றாக இருந்தால் அவை மோதிக்கொள்ளும். மடிக்கணினிகளுக்கு அதை வைத்திருப்பவரின் பெயரை வைக்காதீர்கள். எந்த வைஃபையில் இணைந்தாலும் அந்தப் பெயர் அங்குள்ளவர்களுக்குத் தெரியும்படி ஒலிபரப்பாகும். இது பற்றி 2017-இல் ஆர்.எஃப்.சி. 8117 தனியாகவே எச்சரித்தது.

`europa`-வை அணைத்த பிறகு அந்தப் பெயரை வேறு எதற்கும் மறுபடி கொடுக்காதீர்கள். பழைய லாக்குகளிலும், பேக்கப்களிலும், கண்காணிப்பு வரைபடங்களிலும் அந்தப் பெயர் இன்னும் சில ஆண்டுகள் இருக்கும். புதிய இயந்திரத்துக்கும் அதே பெயர் என்றால், போன ஆண்டு டிஸ்க் நிரம்பியது எந்த `europa`-வில் என்று யாருக்கும் தெரியாது. ஓய்வுபெற்ற பெயர்களை ஒரு கோப்பில், அணைத்த தேதியோடு எழுதி வையுங்கள். பறவைகள் நிறைய இருக்கின்றன, ஒரு பெயரை ஒரு தடவை மட்டும் பயன்படுத்துவது உங்களுக்குக் கட்டுப்படியாகும்.